சுவருக்குள் குழாய் உடைப்பும் முதன்மை வால்வும்

புதுச்சேரி மாவட்டத்தின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளில் வில்லியனூரும் பாகூரும் அடங்கும். இங்குள்ள பல வீடுகளில் தெருக் குடிநீர் இணைப்புடன், மோட்டாரால் நிரப்பப்படும் மாடித் தொட்டியும் இருக்கும். ஆகவே எல்லாத் தண்ணீரையும் நிறுத்தும் ஒரே வால்வு இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. சுவருக்குள் குழாய் உடையும்போது பலர் முதலில் வாசலில் உள்ள வால்வை மூடுகின்றனர். அதனால் தெருத் தண்ணீர் மட்டுமே நிற்கும்; மாடித் தொட்டியின் தண்ணீர் தொடர்ந்து இறங்கும்.

உடைந்தது எந்தக் குழாய் என்பதை நீர் வரும் நேரத்தைக் கொண்டு அறியலாம். தெருவில் தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் சுவரில் நீர் வந்தால் அது தெரு இணைப்பு. வாசல் வால்வை மூட வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் வந்தால் அது தொட்டிக்கு நீர் ஏற்றும் குழாய். மோட்டாரை நிறுத்தினால் போதும். எந்நேரமும் வந்தால் அது தொட்டியிலிருந்து இறங்கும் குழாய். இதற்குரிய வால்வு தொட்டியின் அடிப்பகுதியில், நீர் வெளியேறும் இடத்தை ஒட்டி இருக்கும்.

குளியலறைச் சுவரில் இறங்கு குழாய் உடைந்து, மாடியில் 500 லிட்டர் தொட்டி நிறைந்திருப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 10 லிட்டர் வெளியேறினால் தொட்டி காலியாக 50 நிமிடம் ஆகும். எனவே பதறி ஓடத் தேவையில்லை.

முதலில் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். ஈரச் சுவரில் உள்ள சுவிட்சைத் தொடக்கூடாது. மெயின் சுவிட்ச் உலர்ந்த இடத்தில் இருந்து, தண்ணீரில் கால் வைக்காமல் எட்ட முடிந்தால் அதை அணைக்க வேண்டும். மோட்டாரும் அத்துடன் நின்றுவிடும். எட்ட முடியாவிட்டால் அந்த அறைக்குள் எவரும் போகாமல் தடுத்து, மின்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

அடுத்து மாடி வால்வை மூட வேண்டும். சக்கரப் பிடி கொண்ட கேட் வால்வை வலப்புறமாகப் பல சுற்றுத் திருக வேண்டும். நீளப் பிடி கொண்ட பால் வால்வில், பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியதாகப் பொருள். தொட்டியில் இரண்டு மூன்று குழாய்கள் இறங்கினால் எல்லாவற்றையும் மூடிவிடலாம். பின்னர்க் கீழ்த்தளக் குழாய்களைத் திறந்தால், குழாயில் தேங்கிய நீர் சுவரில் கசியாமல் வெளியேறிவிடும்.

நெடுநாள் திருகாத கேட் வால்வு இறுகியிருக்கலாம். குறடு வைத்து முறுக்கினால் அதன் தண்டு உடையக்கூடும். அப்போது கீழுள்ள குழாய்களை எல்லாம் திறந்து, வாளிகளில் பிடித்துத் தொட்டியைக் காலி செய்வதே பாதுகாப்பானது. வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறந்து வந்தால் அது இறுகாது. எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பழுது பார்த்தவுடன் சுவரைப் பூசிவிடக்கூடாது. ஒட்டும் பசை டப்பாவில் குறித்துள்ள நேரம் காய்ந்த பின் வால்வைத் திறந்து, இணைப்பில் ஈரம் கசியவில்லை என உறுதி செய்த பிறகே பூச வேண்டும்.