கணிப்பு எவ்வளவு தவறியது?

ஐந்து வீடுகளின் வாடகை: 10, 15, 20, 25, 30 ஆயிரம் ரூபாய். இவற்றை இரண்டு மாதிரிகள் கணிக்கின்றன. முதலாவது நான்கு வீடுகளில் ஆயிரமும் ஒன்றில் ஆறாயிரமும் தவறுகிறது. இரண்டாவது ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் தவறுகிறது.

பிழைகளின் குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால், இரண்டுக்கும் 2,000 ரூபாய்தான். இந்த அளவு எளிதில் புரியும். ஆனால் அந்த ஒரு பெரிய தவறை மறைத்துவிடும்.

பிழைகளை வர்க்கப்படுத்திச் சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் முதலாவதுக்குச் சுமார் 2,830, இரண்டாவதுக்கு 2,000. பெரிய தவறு பெரும் நஷ்டம் தருமென்றால் இதுவே பொருத்தம். ஆனால் தரவில் தப்பாகப் பதிவான ஓர் எண்கூட இதை வெகுவாக உயர்த்திவிடும்.

ஆர் ஸ்கொயர், எல்லா வீட்டுக்கும் சராசரி வாடகையையே சொல்வதைவிட மாதிரி எவ்வளவு மேல் என்று காட்டும். இரண்டாவது மாதிரிக்கு இது 0.92. வாடகைகள் 18 முதல் 22 ஆயிரம் வரை, ஆயிரம் ஆயிரமாக உயர்ந்திருந்தால், அதே இரண்டாயிரம் பிழைக்கு மதிப்பு −1 ஆகிவிடும்! பிழை மாறவில்லை, வாடகைகளின் பரவல்தான் சுருங்கியது. ஆகவே வெவ்வேறு தரவுகளில் வந்த ஆர் ஸ்கொயரை ஒப்பிடக் கூடாது. ரூபாய்க் கணக்கிலான பிழையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.