மலைக்கோட்டையின் உயரம் ஒரு நூலில்

திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர் என்று படித்திருப்போம். மேலே ஏறாமல், எந்த அரசு அலுவலகத்தையும் கேட்காமல், நாமே அதை அளந்து பார்க்க முடியுமா? பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பாகைமானி, குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரா, ஒரு முழம் நூல், அதில் கட்ட ஒரு இரும்பு நட்டு, கேமரா உள்ள கைப்பேசி, கூட ஒரு ஆள். இவ்வளவு போதும்.

பாகைமானியின் நேர்விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டுங்கள். விளிம்பின் நடுப்புள்ளியில் நூலைக் கட்டி, நுனியில் நட்டைத் தொங்கவிடுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலையைத்தான் இந்த நட்டும் செய்கிறது: நாம் எப்படிச் சாய்த்தாலும் அது செங்குத்தாகவே தொங்கும். இதுதான் கிளைனோமீட்டர். நேர்விளிம்பு மேலே இருக்கும்படி பிடித்து ஸ்ட்ரா வழியே நேர் எதிரே பார்த்தால் நூல் 90-இல் நிற்கும். அண்ணாந்து உச்சியைப் பார்த்தால் நூல் 90-ஐ விட்டு நகரும். எவ்வளவு நகர்ந்ததோ, அதுதான் பாடப்புத்தகம் சொல்லும் ஏற்றக்கோணம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கண்ணை ஸ்ட்ராவில் வைத்திருப்பவரால் நூல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க முடியாது. கண்ணை எடுத்தால் கை அசையும், நூலும் ஆடும். நூலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படிக்கச் சொல்வார்கள். அழுத்தும்போதே அது அரைப் பாகை நழுவியிருக்கும். அதனால்தான் படம் எடுக்கிறோம். ஒருவர் உச்சியைக் குறிபார்க்க, அடுத்தவர் பக்கவாட்டில் நின்று பாகைமானியைப் படமெடுக்கிறார். பிறகு நிழலில் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கி, நிதானமாகப் படிக்கலாம்.

கைப்பேசியைச் சற்று சாய்த்துப் பிடித்துவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். படம் கோணலாக இருந்தாலும் நூலுக்கும் பாகைமானிக்கும் இடையே உள்ள கோணம் மாறாது. ஆனால் பாகைமானிக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நின்று எடுத்த படம் ஏமாற்றும். நூல் பாகைமானியைத் தொடாமல் சற்று முன்னே தொங்குவதால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது வேறொரு கோட்டின் மேல் விழுவதுபோலத் தெரியும். இதைப் படத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அரைவட்டத்தின் அகலம் அதன் உயரத்தைப்போலச் சரியாக இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அப்படி இல்லாவிட்டால் அந்தப் படத்தை அழித்துவிட்டு வேறொன்று எடுங்கள். ஐந்தாறு படம் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. ஆடி மாதத்துக் காற்றில் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

இன்னொரு சோதனை, பலரும் செய்யாமல் விடுவது. ஸ்ட்ராவை நாம் கையால் ஒட்டியிருக்கிறோம். அது விளிம்புக்கு இணையாக இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்ப்பதுபோல, எதிரெதிர்ச் சுவர்களில் உங்கள் கண் உயரத்தில் ஒரே மட்டமாக இரண்டு கோடு போடுங்கள். ஒரு கோட்டின் அருகே கண்ணை வைத்து மற்றதைக் குறிபாருங்கள். நூல் 90 காட்டாமல் 90.5 காட்டினால் பரவாயில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவிக்கு அதுதான் தொடக்கப் புள்ளி.

இனி தூரம். பெரும்பாலானோர் சறுக்குவது கோணத்தில் இல்லை, இதில்தான். நமக்கு வேண்டியது நம் காலிலிருந்து மலையின் அடிவாரம் வரை உள்ள தூரம் அல்ல; உச்சியிலிருந்து நேர்கீழே ஒரு கல்லைத் துளைபோட்டு இறக்கினால் அது தரைமட்டத்தைத் தொடும் இடம் வரை உள்ள தூரம். அந்த இடம் பாறைக்குள்ளே இருக்கிறது, நடந்து அளக்க முடியாது. கூகுள் வரைபடம் இங்கே கைகொடுக்கும். நீங்கள் நின்ற இடத்தை அழுத்திப் பிடித்து, Measure distance என்பதைத் தேர்ந்தெடுத்து, குறியை உச்சிக் கோயிலின் மேல் கொண்டுபோய் வைத்தால் நேர்க்கோட்டுத் தூரம் வந்துவிடும். தெரு வளைந்து போகும் தூரத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு கெட்டது.

தூரத்தின் மேல் இத்தனை கவனம் இன்று நேற்று வந்ததல்ல. 1802-இல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரும் பணியைச் சென்னை பரங்கிமலையருகே தொடங்கியபோது முதலில் செய்தது, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே நேர்க்கோட்டைச் சங்கிலியால் அளந்ததுதான். அதன் பிறகுதான் மற்ற தூரங்களையெல்லாம் கோணங்களைக் கொண்டு கணக்கிட முடிந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உச்சியிலிருந்து 380 மீட்டர் தள்ளி, தெருவில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படங்களின் சராசரி 78.5. கருவியின் தொடக்கப் புள்ளி 90.5. இரண்டுக்கும் வித்தியாசம் 12 பாகை. கைப்பேசிக் கால்குலேட்டரில் tan 12 என்று போட்டால் 0.2126 வரும். கிடைமட்டமாக 100 மீட்டர் போனால் பார்வைக்கோடு 21.26 மீட்டர் ஏறுகிறது என்பதே இதன் பொருள். கால்குலேட்டர் பாகைக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியனில் இருந்தால் மலை தரைக்குக் கீழே போய்விடும்!

380 × 0.2126 = 80.8

இது உங்கள் கண்ணுக்கு மேலே உள்ள உயரம். கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் என்றால், அதையும் கூட்ட 82.3 மீட்டர். மொட்டை மாடியிலிருந்து பார்த்திருந்தால் மாடியின் உயரத்தையும் சேர்க்க வேண்டும்.

புத்தகத்து எண்ணுக்கு முக்கால் மீட்டர்தான் குறைகிறது. பெருமைப்பட்டுக்கொள்வதற்கு முன் இதையும் பாருங்கள். இந்தத் தூரத்தில் கோணம் ஒரு பாகை பிசகினால் உயரம் 7 மீட்டர் மாறும். கால் பாகை வரை நம்பிப் படித்தோம் என்றால் ஏறக்குறைய 2 மீட்டர் இப்படியோ அப்படியோ. ஆகவே நேர்மையான விடை ‘80-க்கும் 84-க்கும் இடையே’ என்பதே, 82.3-இல் உள்ள அந்தப் புள்ளி மூன்றுக்கு மதிப்பில்லை. தொடக்கப் புள்ளியைச் சோதிக்காமல் 90 என்றே எடுத்துக்கொண்டிருந்தால் கோணம் 11.5 ஆகி, உயரம் 79-க்கும் கீழே இறங்கியிருக்கும். அடிவாரம் உச்சிக்கு நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து 100 மீட்டர் இப்பால் இருந்து, அதுவரை மட்டும் அளந்திருந்தால் விடை 61 மீட்டர். கருவியில் குற்றமே இல்லாமல் 21 மீட்டர் காணாமல் போகிறது.

கிட்டப் போகப் போகக் கோணம் பெரிதாகும், பிசகு குறையும். 45 பாகை அமைந்தால் மிகவும் நல்லது. ஆனால் மலைக்கோட்டைக்கு அது உச்சியிலிருந்து 80 மீட்டருக்குள், பாறையின் மேலேயே போய் நிற்பதாகிவிடும். எனவே 300, 400 மீட்டரில் ஒன்று, 600 மீட்டரில் ஒன்று என இரண்டு இடங்களிலிருந்து அளந்து ஒப்பிடுங்கள். தெருக்கள் ஒரே மட்டமாக இருந்தும் விடைகள் 6, 7 மீட்டருக்கு மேல் வேறுபட்டால், முதலில் தூரத்தைச் சந்தேகப்படுங்கள்.

வரைபடத்தில் அச்சாகும் உயரத்தோடு உங்கள் விடையை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். அங்கே இருப்பது பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரம். தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்கிறோம். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் நின்று அளந்தால் உங்களுக்கு 400 மீட்டர்தான் கிடைக்கும்.

மலைக்கோட்டையின் விடை இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அளக்கப் போனால் கை தன்னையறியாமல் 83-ஐ நோக்கித்தான் சாயும். உயரம் யாரும் எழுதிவைக்காத, உங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்று ஒன்றைப் பாருங்கள்.