'தொடர்பாக' என்னும் வால்

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனு எழுதிப் பழகிய கைக்கு ஒரு நடை படிந்திருக்கும். 'பொருள்: வில்லியனூர் கொம்யூன் – உறுவையாறு கிராமம் – மழைநீர் வடிகால் – தூர் வாரக் கோருதல் – தொடர்பாக.' தாளில் இந்த வரியைக் குறை சொல்ல முடியாது. தபால் பிரிவில் இருப்பவர் ஊரைப் பார்க்கிறார், விஷயத்தைப் பார்க்கிறார், எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார். கோப்பு அட்டையிலும் அதே வரி ஏறுகிறது. அரசாணைகளின் தலைப்பில் வரும் சுருக்கமும் இப்படித்தான் பெரியதில் தொடங்கிச் சிறியதில் இறங்கும். கேட்பது என்னவோ, அது கடைசியில்தான் வரும். அங்கே அதனால் நஷ்டமில்லை. வரியை முழுதாகப் படிப்பதற்கென்றே ஒருவர் சம்பளம் வாங்குகிறார்.

அதே வரியைத் தூக்கி மெயிலின் சப்ஜெக்ட் கட்டத்தில் போட்டால்தான் தொல்லை. கம்பெனியின் பெரிய அதிகாரி மெயிலைப் பெரும்பாலும் போனில், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே பார்ப்பவர். போன் திரை நேராக இருக்கும்போது ஆங்கிலத்தில் ஏறக்குறைய 35, 40 எழுத்து தெரியும். தமிழ் எழுத்து அகலமானது. நாலைந்து சொல்லோடு வரி அறுந்து மூன்று புள்ளி விழுந்துவிடும். கேட்பது அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். உறுவையாறில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஜனவரி 20 அன்று ஒரு தொழிற்சாலைக்கு சரக்கு போனது. அன்றே ஏற்றுக்கொண்டு சீல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பில் எண் 214, தொகை ரூ.1,86,400. பிப்ரவரி கடைசி வரை பணம் வரவில்லை. பட்டறைக்காரர் பர்ச்சேஸ் மேலாளருக்கு எழுதுகிறார்:

'பொருள்: அட்டைப்பெட்டி சப்ளை – நிலுவைத் தொகை வழங்கக் கோருதல் – தொடர்பாக'

மேலாளர் போனில் தெரிவது 'பொருள்: அட்டைப்பெட்டி சப்ளை – நி…' என்பது மட்டும். புதிதாக யாரோ அட்டைப்பெட்டி விற்க வருகிறார் என்று நினைத்து அவர் தள்ளிவிட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 'பொருள்' என்ற சொல்லே வீண். அந்தக் கட்டம் பொருளுக்கானது என்று அவருக்குத் தெரியாதா? 'தொடர்பாக' என்பதும் அப்படியே. (மெயில் தானாகவே முன்னால் ஒட்டும் Re: இருக்கிறதே, அதுவும் இலத்தீனில் 'இன்ன விஷயத்தில்' என்பதிலிருந்து வந்ததுதான். நம் ஆட்கள் பின்னால் ஒரு 'தொடர்பாக' போட, இயந்திரம் முன்னால் ஒன்று போடுகிறது.)

இன்னொரு சிக்கல் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் உட்காரும். 'பில் 214-க்கான தொகையை மார்ச் 6-க்குள் அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்பது நல்ல தமிழ்தான். ஆனால் என்ன வேண்டும் என்பது தெரிய முக்கால் வரி தாண்ட வேண்டும். சப்ஜெக்டில் இதைத் திருப்பிப் போட வேண்டும். 'அனுமதி தேவை', 'கையெழுத்து தேவை', 'தகவலுக்கு மட்டும்' என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவது. அமெரிக்க இராணுவத்தினரிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு: படிப்பவர் முடிவெடுக்க வேண்டுமா, கையெழுத்திட வேண்டுமா, சும்மா தெரிந்துகொண்டால் போதுமா என்பதை சப்ஜெக்டின் முதல் சொல்லே சொல்லிவிடும். 'தகவலுக்கு மட்டும்' என்று நீங்களே நேர்மையாக எழுதும் மெயில்கள் சில இருந்தால், 'அனுமதி தேவை' என்று எழுதும் நாளில் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

இப்போது மார்ச் 6 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். நம் பட்டறைக்கு 45 நாள் ஒப்பந்தம் என்று கொண்டால், ஜனவரி 20-லிருந்து எண்ணினால் மார்ச் 6 வரும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு வருமான வரி விதியும் இதோடு சேர்கிறது: கெடு தாண்டிய தொகையை மார்ச் 31-க்குள்ளும் கொடுக்காவிட்டால், வாங்கிய கம்பெனி அதை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுக்கிற ஆண்டில்தான் கழிக்கலாம். ஆக, மார்ச் 6 பட்டறைக்காரரின் தேதி. மார்ச் 31 தொழிற்சாலை நிதிப் பிரிவின் தேதி.

மேலாளருக்கு எழுதும்போது:

'அனுமதி தேவை, மார்ச் 6-க்குள்: பில் 214, ரூ.1,86,400'

கெடு தாண்டிய பிறகு நிதித் தலைவருக்கு எழுத நேர்ந்தால்:

'மார்ச் 31 வரிக் கழிவு: பில் 214, ரூ.1,86,400 நிலுவை'

இரண்டும் ஒரே பணத்தைப் பற்றியவை. ஆனால் இரண்டாவது வரி, 'எனக்குப் பணம் வரவில்லை' என்று சொல்லாமல் 'உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை' என்று சொல்கிறது. சட்டப்படி தாமதத்துக்குக் கூட்டு வட்டியும் கேட்கலாம். அதை சப்ஜெக்டில் போட வேண்டாம் என்பேன். மிரட்டல் வாசனை அடித்தால் மெயில் திறக்கும், ஆனால் நேராகச் சட்டப் பிரிவுக்குப் போய்விடும். அடுத்த ஆர்டரும் அதோடு போகலாம்.

சப்ஜெக்டுக்குக் கீழே மங்கலாக ஒரு வரி தெரியுமே, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெயிலின் முதல் வாக்கியம்தான் அங்கே எட்டிப் பார்க்கும். 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என…' என்று அந்த இடம் முழுக்க மரியாதையிலேயே கரைந்துவிடுகிறது. மரியாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. 'ஐயா, வணக்கம்' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தி, உடனே 'சரக்கு ஜனவரி 20 அன்று பெறப்பட்டது, ரசீது இணைப்பில்' என்று தொடங்கினால் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடும்.

மெயிலைக் கீழே தள்ளும் தவறுகளில் நான் அதிகம் பார்த்தது பழைய மெயிலுக்குப் பதில் போடுவது. முகவரி தேடச் சோம்பி, அக்டோபரில் வந்த மெயிலைத் திறந்து அதிலேயே எழுதிவிடுவார்கள். பெறுபவருக்கு வந்து சேருவது 'Re: Fwd: தீபாவளி வாழ்த்து'. ஜிமெயில் அதைப் பழைய உரையாடலோடு சேர்த்துக் கட்டிவிடும். பின்னாளில் '214' என்று தேடி மெயிலைக் கண்டுபிடித்தாலும் தலைப்பில் தீபாவளிதான் இருக்கும். விஷயம் மாறினால் புது மெயில். அதே விஷயத்தை நினைவூட்டுவதென்றால் மட்டும் பழைய மெயிலிலேயே, சப்ஜெக்டைத் தொடாமல். தொட்டால் ஜிமெயிலில் அது வேறு உரையாடலாகப் பிரிந்துவிடும்.

'அவசரம்' என்ற சொல்லைப் பற்றி நீட்டத் தேவையில்லை. தேதி இருந்தால் அவசரம் தானே தெரியும். தேதி இல்லாத அவசரத்தை யாரும் நம்புவதில்லை. அனுப்பும் முன் ஒரு தடவை உங்கள் போனுக்கே அனுப்பிப் பாருங்கள். வரி எங்கே அறுகிறது என்று தெரிந்துவிடும்.

கொம்யூன் அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினால்? அங்கே எல்லாம் ஆணையர் கையில்தான். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பின் தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. நடுவில் சொல்லிவிட வார்டு உறுப்பினர் இல்லாததால் வடிகால் முதல் குப்பை வரை ஆணையருக்கே போகிறது. அரசு அலுவலகத்தில் மெயிலை அச்செடுத்துக் கோப்பில் வைக்கும் வழக்கமும் உண்டு. அதனால் இணைப்பில் போகும் மனுவில் பழைய 'பொருள்' வரி கோடுகளோடும் 'தொடர்பாக'வோடும் அப்படியே இருக்கட்டும். மெயிலின் சப்ஜெக்ட் மட்டும் இப்படிப் போகலாம்: 'தூர் வார வேண்டும், மழைக்கு முன்: உறுவையாறு வடிகால், 4 படங்கள்'.