எத்தனை விசில் என்று கேட்காதீர்கள்

மட்டன் வேகவில்லை என்று யாராவது சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “எத்தனை விசில் விட்டீங்க?” ஆறு என்பார் ஒருவர், எட்டு என்பார் இன்னொருவர். பக்கத்து வீட்டில் நாலு விசிலிலேயே பஞ்சாக வெந்துவிடும். இந்த எண்ணிக்கையை நம்பி ஒரு பயனும் இல்லை. அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் ஐந்தாறு நிமிடத்துக்குள் எட்டு விசில் வந்துவிடும். சிம்மில் வைத்தால் அதே எட்டு விசிலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். குக்கரின் அளவு, உள்ளே இருக்கும் தண்ணீர், ரப்பர் வளையத்தின் வயது என்று எது மாறினாலும் கணக்கு மாறிவிடும். கறி வேகத் தேவைப்படுவது சூடும் நேரமும்தான், சத்தம் அல்ல.

அந்த நேரம் எவ்வளவு என்பதைக் குக்கரை மூடும்போது தீர்மானிக்க முடியாது. கறிக்கடையில், ஆட்டின் எந்தப் பாகத்தை வெட்டித் தரச் சொல்கிறோம் என்பதிலேயே அதில் பாதி முடிவாகிவிடுகிறது.

ஆட்டுச் சதையை ஒரு விறகுக் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். விறகு என்பது சதை நார்கள். அவற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிறுதான் ஜவ்வு. இந்த ஜவ்வில் இருக்கும் முக்கியமான பொருள் கொலாஜன் என்ற புரதம். ஆடு நாள் முழுக்க எந்தப் பாகத்தைக் கொண்டு உழைத்ததோ, அந்தப் பாகத்தில் கயிறு அதிகம். கழுத்து, முன்னங்கால், நெஞ்செலும்பு, கணுக்காலுக்கு மேலே உள்ள சதை எல்லாம் அந்த வகை. முதுகை ஒட்டிய சதையில் கயிறு மிகக் குறைவு. பின்னந்தொடை இரண்டுக்கும் நடுவில். ஆட்டுக்கு வயதாக ஆகக் கயிறு பெருகுவதைவிட, அது இறுகி முறுக்கேறுவதுதான் தொல்லை. அதனால்தான் இளங்கறியின் கழுத்து கால் மணி நேரத்தில் வெந்துவிட, முற்றிய கிடாயின் கழுத்து அரை மணி நேரம் கேட்கிறது.

சூடு ஏறும்போது கறிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். அறுபது, அறுபத்தைந்து டிகிரியைத் தாண்டியதும் நார்கள் சுருங்கித் தங்களிடம் உள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றத் தொடங்கும். கறி கெட்டியாவது இங்கேதான். இன்னொரு பக்கம், எழுபது எண்பது டிகிரிக்கு மேல் ஜவ்வு மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப் குடித்தபின் உதடு பிசுபிசுவென்று ஒட்டுமே, அந்த ஒட்டல் ஜெலட்டினால் வருவது. நூறு டிகிரிக்கு மேல் போகாத திறந்த பாத்திரத்தில் இது நடக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் வேண்டும். குக்கருக்குள் ஏறத்தாழ நூற்றிருபது டிகிரி வரை சூடு போவதால் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது.

இதிலிருந்து ஒன்று புரியும். ஜவ்வு நிறைய உள்ள கழுத்துக்கறியை அதிக நேரம் வேகவைத்தால் நார் இழந்த ஈரத்தை ஜெலட்டின் ஈடுகட்டும். வாயில் வழுக்கிக்கொண்டு போகும். எலும்பில்லாத தொடைக்கறியை அதே நேரம் வேகவைத்தால் ஈடுகட்ட ஜெலட்டின் போதாது. நூல் நூலாகப் பிரிந்து, குழம்பிலேயே ஊறிக் கிடந்தாலும் சக்கையாக இருக்கும். “தனிக்கறியாப் போடுங்க” என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கி, அதைக் குக்கரில் போட்டுக் குழம்பு வைப்பதைப் போல வீண் செலவு வேறில்லை என்பது என் எண்ணம். குழம்புக்கு எலும்போடு கூடிய முன்னங்காலும் நெஞ்செலும்பும் கழுத்தும்தான் பொருத்தம்.

குக்கர் நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் விசில் வரும்வரை அடுப்பு நன்றாக எரியட்டும். வந்ததும் சிம்முக்கு மாற்றி, அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். இளம் வெள்ளாட்டின் தொடைக்கறி என்றால் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். முன்னங்காலும் விலாவும் பதினைந்து. கழுத்தும் நெஞ்செலும்பும் இருபதை ஒட்டி. முற்றிய ஆடு என்று தெரிந்தால் இவற்றோடு இன்னும் பத்து நிமிடம். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சட்டென்று வெளியேற்றினால் உள்ளே அழுத்தம் ஒரேயடியாகக் குறைந்து, கறிக்குள் இருக்கும் நீர் கொதித்து வெளியேறிவிடும். பக்குவமாக வெந்த கறி வறண்டுபோவதற்கு அந்த அவசரம் ஒன்றே போதும்.

இளசா முற்றலா என்பதைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இளங்கறி வெளிர் சிவப்பாக, நார் மெல்லியதாக இருக்கும். விலா எலும்பு ஒல்லியாக, வெட்டிய இடத்தில் சிவப்போடியிருக்கும். முற்றல் என்றால் சதை அடர்சிவப்பாகவும் எலும்பு வெளுத்துக் கனமாகவும் தெரியும்.

இன்னொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும். அறுத்த சில மணி நேரத்தில் ஆட்டின் சதை விறைக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அறுத்ததை எட்டு மணிக்கு வாங்கிப் பதினோரு மணிக்கு அடுப்பில் ஏற்றுகிறோம். பல நாட்களில் அது விறைப்பின் நடுவேளையாக அமைந்துவிடுகிறது. அப்படிச் சமைத்த கறி, இளசாக இருந்தாலும், ரப்பராக இழுக்கும். அறுத்த கையோடு சமைக்க முடிந்தால் சரி. இல்லையென்றால் மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் விட்டுச் சமைப்பது நல்லது. விறைப்பு தானாகத் தளர்ந்துவிடும். வாங்கி வந்த சூட்டோடு ஃப்ரீசரில் திணிப்பதுதான் மோசம். விறைப்பு முடியும் முன்பே உறைந்துபோகும் சதை, பனி விலகும்போது இன்னும் கடுமையாகச் சுருங்கிக்கொள்ளும். “ஃப்ரீசர் கறி வேகவே மாட்டேங்குது” என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இனி பப்பாளிக்காய். காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பாயின் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்குவது அதன் தொழில். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பப்பாளி ரகங்களில் கோ-5 போன்றவை இந்தப் பாலுக்காகவே வளர்க்கப்படுகின்றன. பால் தோலிலும் தோலை ஒட்டிய பகுதியிலும்தான் அதிகம். ஆகவே காயைக் கழுவித் தோலோடு அரைக்க வேண்டும். பழுக்கப் பழுக்கப் பால் குறைந்துவிடுவதால் செங்காயால் பெரிய பயன் இல்லை. உள்ளே விதை வெள்ளையாக இருக்கும் பச்சைக்காயே வேண்டும்.

பப்பாயின் நார்களை, அதாவது விறகையே, அறுக்கிறது. சூடுபடாத கயிற்றின் மீது அதன் பற்கள் அவ்வளவாகப் பதிவதில்லை. குளிர்ச்சியில் அது சோம்பலாக இருக்கும். அறுபது எழுபது டிகிரியில் மும்முரமாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடு ஏற ஏறச் செயலிழந்து, கொதிநிலையை நெருங்கும்போது ஓய்ந்துவிடும். ஆக, ஊறவைக்கும் நேரத்தைவிட, அடுப்பில் கறி மெல்லச் சூடேறும் அந்தச் சில நிமிடங்களில்தான் அது தன் வேலையில் பெரும்பகுதியை முடிக்கிறது. அதோடு, அது கறிக்குள் ஆழமாக இறங்காது. மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர்தான். பெரிய துண்டில் தடவி இரவு முழுக்க ஊறவைத்தால் வெளிப்பக்கம் மாவாகி, நடுப்பக்கம் முன்போலவே இருக்கும்.

குக்கரில் வேகப்போகும் எலும்புக்கறிக்குப் பப்பாளி தேவையில்லை என்று நான் சொல்வது அதனால்தான். அங்கே தடையாக இருப்பது ஜவ்வு. அதைக் கரைக்கக் குக்கரே போதும். இரண்டையும் சேர்த்தால் நார் உருக்குலைந்து குழம்பு கூழாகும். குக்கர் நுழையாத சமையலில்தான் பப்பாளிக்கு மரியாதை. ஹைதராபாத்தின் கச்சி பிரியாணியில் பச்சைக்கறியை அரிசியோடு சேர்த்துத் தம் போடுகிறார்கள்; அங்கே பப்பாளி விழுது ஊறலின் முக்கியமான பங்காளி. அதே ஊரில் சூடான கருங்கல்லில் மெல்லிய கறித்துண்டுகளைச் சுட்டெடுக்கும் பத்தர் கா கோஷ்த்துக்கும், லக்னோவின் கலௌட்டி கபாபுக்கும் பப்பாளிக்காய்தான் துணை.

நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு இதை எப்படிப் பொருத்துவது? ஒரு கிலோ வாங்குவதாக வைத்துக்கொள்வோம். எழுநூறு கிராம் முன்னங்காலும் நெஞ்செலும்பும் கலந்து குழம்புக்கு. முந்நூறு கிராம் பின்னந்தொடையில் தனிக்கறி, வறுவலுக்கு. குழம்புக்கறியில் சின்ன வெங்காயம், மஞ்சள்தூள், உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து, முதல் விசிலுக்குப் பின் சிம்மில் பதினெட்டு நிமிடம். உப்பை முதலிலேயே போட்டால் கறி வேகாது என்பது வெறும் பயம். உப்பு கறியின் ஈரத்தைப் பிடித்துவைக்கவே உதவும்.

தனிக்கறியை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, அரை விரல் கனத்துக்கு நறுக்குங்கள். நீளமான நார் கத்தியிலேயே துண்டாகிவிட்டால் பல்லுக்கு வேலை மிச்சம். தோலோடு அரைத்த பப்பாளி விழுது இரண்டு டீஸ்பூன் போதும். மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, உப்பு சேர்த்துப் பிசறி முக்கால் மணி நேரம் வைத்து, வாணலியில் நடுத்தரத் தீயில் மூடி வையுங்கள். மெதுவாகச் சூடேறினால்தான் பப்பாயினுக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கும். ஏழெட்டு நிமிடம் கழித்து மூடியைத் திறந்து, நீர் சுண்டும்வரை தீயைக் கூட்டிப் புரட்ட வேண்டும்.

தப்பு எங்கே நடந்தது என்பதைக் கறியே சொல்லிவிடும். கடிக்கும்போது இழுத்து, எலும்பை விடாமல் பிடித்திருந்தால் ஜவ்வு கரையவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் வேகவிடலாம். நூலாகப் பிரிந்து வறட்டியாக இருந்தால் வெந்தது மிஞ்சிவிட்டது. திரும்ப வழியில்லை, பிய்த்துப் போட்டு மிளகு சேர்த்து வதக்கிவிடுங்கள். நாரே தெரியாமல் விரலில் பிசுபிசுவென்று மாவாக ஒட்டினால் பப்பாளி அதிகம், அல்லது ஊறிய நேரம் அதிகம்.

ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பப்பாளிப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கர்ப்பிணிகளும் பப்பாளிக்காயைத் தவிர்ப்பது நல்லது. அந்த வீடுகளில் வறுவலுக்கு இளங்கறியின் முதுகுக்கறியை வாங்கினால் பப்பாளியே வேண்டாம். எப்படியானாலும் கடைக்காரரிடம் “ஒரு கிலோ கறி” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். குழம்புக்கு இவ்வளவு, வறுவலுக்கு இவ்வளவு, எந்தப் பாகம், எந்த அளவுத் துண்டு என்பதைக் கத்தி இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.