ஏறும் எடை, கரையும் தசை

கல்லீரல் மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்கள் வரும் புறநோயாளிகள் பிரிவில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "சாப்பாட்டுல குறை ஒண்ணும் இல்லைங்க மேடம். போன மாசத்துக்கு இந்த மாசம் ரெண்டு கிலோ ஏறியிருக்காரு" என்பார் கூட வந்த மனைவி. உணவியல் நிபுணர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, நோயாளியின் சட்டைக் கையை மடித்துவிடச் சொல்வார். மேல்கை மெலிந்து தோல் தளர்ந்திருக்கும். பொட்டுகளில் குழி விழுந்திருக்கும், தோள்பட்டை எலும்பு துருத்தியிருக்கும். வயிறு மட்டும் பானை போல முன்னே நிற்கும். ஏறிய இரண்டு கிலோவும் தண்ணீர். அதற்குள் எத்தனை கிலோ தசை போயிருக்கிறது என்பதை எடை மெஷின் சொல்லாது.

இப்படிப்பட்ட ஒருவரை மாதிரியாக வைத்துக்கொள்வோம். வயது 52, உயரம் 165 செ.மீ., எடை 72 கிலோ. சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிய நிலை. வயிறு நிறைய நீர், இரண்டு காலிலும் வீக்கம். உயரத்துக்கும் எடைக்கும் கணக்குப் போட்டால் உடல் நிறை எண் 26 வருகிறது. அட்டையில் அதை மட்டும் பார்ப்பவர் 'கொஞ்சம் குண்டு' என்று எழுதிவிடக்கூடும்.

அதனால் முதலில் நீரைக் கழிக்க வேண்டும். வழக்கத்தில் உள்ள கணக்கு எளிது. வயிற்று நீர் லேசாக இருந்தால் எடையில் 5 சதவீதம், நடுத்தரமாக இருந்தால் 10, மிகுதியாக இருந்தால் 15 கழிப்பார்கள். இரண்டு காலும் வீங்கியிருந்தால் மேலும் 5. நம்மவருக்கு 15-உம் 5-உம் சேர்ந்து 20 சதவீதம். 72 கிலோவில் அதைக் கழித்தால் 57.6 வருகிறது, சுமாராக 58 கிலோ. மருத்துவர்கள் இதை 'உலர் எடை' என்கிறார்கள். இது மதிப்பீடுதான், இரண்டு மூன்று கிலோ முன்பின் இருக்கலாம். வயிற்று நீரை ஊசி வழியாக வடித்தவுடன் எடுக்கும் எடையோ, வயிறு வீங்கத் தொடங்குவதற்கு முன் எங்காவது குறித்துவைத்த எடையோ கிடைத்தால் அதையும் ஒப்பிட்டுக்கொள்வார்கள். உலர் எடையில் பார்த்தால் அவருடைய உடல் நிறை எண் 21. குண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது தசை. கழுத்துக்கு மேலும் மேல்கையிலும் நீர் அதிகம் தேங்குவதில்லை என்பதால் சாதாரண டேப்பால் மேல்கைச் சுற்றளவை அளந்தாலே ஓரளவு பிடி கிடைக்கும். துல்லியம் வேண்டுமென்றால் அறுவைக்கு முன் எப்படியும் எடுக்கிற வயிற்று சி.டி. ஸ்கேனையே பயன்படுத்துகிறார்கள். இடுப்புப் பகுதியின் மூன்றாவது முதுகெலும்பு மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுத்து, அதில் தெரியும் எல்லாத் தசைகளின் பரப்பையும் கூட்டி, உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பார்கள். வட அமெரிக்க ஆய்வுகளில் ஆண்களுக்கு 50, பெண்களுக்கு 39 என்ற அளவுக்குக் கீழே இருந்தால் தசை இழப்பு என்று வைத்திருக்கிறார்கள். நம் ஊர் உடல்வாகுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்துவது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஒரே நோயாளியை மாதக்கணக்கில் தொடர்ந்து ஒப்பிடுவதற்கு அந்தச் சிக்கல் கிடையாது.

ரத்த ஆல்புமின் குறைந்திருப்பதைக் காட்டி 'சத்துக் குறைவு' என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது. ஆல்புமினைத் தயாரிப்பதே கல்லீரல்தான். அது நலிந்துவிட்டால் எவ்வளவு சாப்பிட்டாலும் ஆல்புமின் குறைவாகவே இருக்கும். அந்த எண்ணை வைத்துச் சாப்பாட்டை எடைபோட முடியாது.

தசை எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இருக்கிற தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பது இன்னொன்று. இதற்காக கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவர் ஜெனிஃபர் லாய் குழுவினர் 2017-இல் வெளியிட்ட 'லிவர் ஃப்ரெய்ல்ட்டி இண்டெக்ஸ்' என்ற தளர்ச்சிக் குறியீடு இப்போது பல மையங்களில் புழங்குகிறது. மூன்றே சோதனைகள்தான். கைப்பிடி வலுவை அளக்கும் கருவியை வலுவான கையால் மூன்று முறை அழுத்த வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். பிறகு பாதங்களைச் சேர்த்து வைத்தும், ஒன்றை அரையடி முன்னே வைத்தும், ஒன்றன் முன் ஒன்றாக நேர்கோட்டில் வைத்தும் பத்துப் பத்து விநாடி தடுமாறாமல் நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வரும் எண் 3.2-க்குக் கீழே என்றால் திடம், 4.5 அல்லது அதற்கு மேல் என்றால் தளர்ச்சி. இடையில் உள்ளவர்கள் தளர்ச்சியின் வாசலில் நிற்பவர்கள்.

நம்மவர் நிலைநிற்கும் சோதனையைத் தாண்டிவிடுகிறார். நாற்காலியில்தான் சிக்கல். மூன்றாவது முறை எழும்போது கை தானாக நாற்காலிப் பிடியைத் தேடுகிறது. ஐந்து முறைக்கு 20 விநாடி ஆகிறது. கைப்பிடி 20 கிலோ. குறியீடு 4.6.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? காத்திருப்போரை வரிசைப்படுத்தப் பயன்படும் 'மெல்ட்' மதிப்பெண் பிலிருபின், ரத்தம் உறையும் வேகம், கிரியேட்டினின், சோடியம் ஆகிய ரத்தப் பரிசோதனைகளிலிருந்து வருவது. மனிதர் நாற்காலியிலிருந்து எழுவாரா என்று அது கேட்பதில்லை. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தவருக்குச் சிறுநீரகம் சோர்ந்துபோனாலும் கிரியேட்டினின் பெரிதாக ஏறாது, அதனால் மதிப்பெண்ணும் உள்ளதைவிட நல்ல நிலையைக் காட்டும். அமெரிக்க மையங்கள் பலவற்றில் 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வயிற்று நீரும் மூளைக் குழப்பமும் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தளர்ச்சி உள்ளவர்கள் காத்திருக்கும்போது இறக்கும் அபாயம் மற்றவர்களைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு இருந்தது.

இனி சாப்பாடு. ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும், பருமன் இல்லாதவருக்கு குறைந்தது 35 கலோரியும் வேண்டும் என்கிறது. இதை நீர் சேர்ந்த எடைக்குப் பெருக்காமல் உலர் எடைக்குப் பெருக்க வேண்டும். நம்மவருக்குப் புரதம் 69 முதல் 86 கிராம், கலோரி சுமார் 2,000.

அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால் காலையில் இரண்டு இட்லி, முற்பகல் மோர், மதியம் கொஞ்சம் ரசம் சாதம், மாலை டீயும் பிஸ்கட்டும், ஏழு மணிக்கு ரவைக் கஞ்சி. கூட்டிப் பார்த்தால் புரதம் 30 கிராமைத் தாண்டாது. மஞ்சள் காமாலை என்றாலே பத்தியம், பருப்பும் முட்டையும் மீனும் ஆகாது என்ற வீட்டு வைத்தியம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பழைய மருத்துவப் பாடம். அம்மோனியா ஏறி மூளைக் குழப்பம் வரும், அதனால் புரதத்தைக் குறை என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதிக்கொடுத்தார்கள். 2004-இல் பார்சிலோனாவில் கோர்டோபா குழுவினர், குழப்ப நிலையோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குப் புரதத்தைக் குறைத்தும் மற்றவர்களுக்கு வழக்கமான அளவிலும் கொடுத்துப் பார்த்தனர். குழப்பம் தெளிவதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. புரதம் குறைத்தவர்களின் உடல்தான் தன் சொந்தப் புரதத்தைக் கூடுதலாக உடைத்துக்கொண்டது. யோசித்தால் பொருத்தமாகவே இருக்கிறது. கல்லீரல் கைவிட்ட அம்மோனியாவில் ஒரு பங்கைத் தசை எடுத்துச் செரித்துக்கொள்கிறது. தசையைப் பட்டினி போட்டால் அந்த வழியும் அடைபடும். குழப்பம் அடிக்கடி வருபவர்களுக்கு இறைச்சியைவிடப் பருப்பும் பால் பொருட்களும் நன்றாக ஒத்துக்கொள்கின்றன.

வயிற்று நீர் இரைப்பையை அழுத்துவதால் நாலு வாயிலேயே நிறைந்துவிடும். எனவே மூன்று வேளையை ஆறாகப் பிரிக்கிறார்கள். காலையில் மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை. பதினொரு மணிக்குப் பாலும் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும். மதியம் சோற்றோடு பருப்புக் கூட்டு, ஒரு துண்டு மீன், தயிர். மாலையில் சுண்டல். இரவு இரண்டு சப்பாத்தி, பருப்பு. படுக்கும் முன் பாலும் ஏதாவது மாவுப் பண்டமும். புரதம் எண்பதைத் தொட்டுவிடுகிறது.

கடைசி வேளையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் முக்கியம். சுருங்கிய கல்லீரலால் சர்க்கரையைச் சேமித்துவைக்க முடியாது. இரவு எட்டு மணியிலிருந்து காலை வரை வயிறு காய்ந்தால், நல்ல உடம்புள்ளவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமமான நிலைக்கு அவர் உடல் போய்விடுகிறது. விடியும்வரை தசையை உடைத்துத்தான் எரிபொருள் தேடும். நியூசிலாந்தில் பிளாங்க் குழுவினர் 2008-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே அளவு சத்துப் பானத்தைப் பகலில் குடித்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. இரவில் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சுமார் இரண்டு கிலோ தசை திசு கூடியது. சர்க்கரை நோயும் இருந்தால் இரவுப் பண்டத்தின் அளவையும் மருந்தையும் மருத்துவர் சேர்த்துத் தீர்மானிப்பார்.

நீருக்கு வழி உப்பைக் குறைப்பது. நாள் முழுவதுக்கும் சுமார் 5 கிராம், ஒரு தேக்கரண்டி மட்டம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத் தீனி போனாலே பாதி வேலை முடியும். அதற்காக உப்பை அறவே நிறுத்தினால் சாப்பாடு இறங்காது, புரதக் கணக்கு மறுபடி சரியும். கடையில் கிடைக்கும் குறைந்த சோடியம் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவருக்கு அது ஆபத்து. தண்ணீரைக் குறைப்பது எல்லாருக்கும் அவசியமில்லை; ரத்த சோடியம் 125-க்குக் கீழே போனால்தான் அந்தப் பேச்சு வரும்.

நம்மவருக்கு ஒரே நாளில் 7 லிட்டர் வடிக்கிறார்கள். ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 8 கிராம் வீதம் ஆல்புமின் ஏற்ற வேண்டும். இவருக்கு 56 கிராம். 20 கிராம் கொண்ட பாட்டில் மூன்று. அதைத் தவிர்த்தால் ரத்த ஓட்டம் தளர்ந்து சிறுநீரகம் அடிவாங்கலாம். பிறகு நீர் மாத்திரை. காலில் வீக்கம் இருக்கும்வரை தினம் ஒரு கிலோ வரை இறங்கலாம். வீக்கம் வடிந்தபின் அரைக் கிலோவே எல்லை. அதைவிட வேகமாக இறங்கினால் கொண்டாட வேண்டாம், மருத்துவரை அழைக்க வேண்டும்.

வீட்டில் நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியும் நடையும் சேர்கின்றன. உணவுக்குழாயில் புடைத்த நரம்புகள் இருப்பதால் மூச்சைப் பிடித்துக் கனம் தூக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து எடை 63 கிலோ. மனைவிக்கு வருத்தம்: "இப்படி இளைச்சிட்டாரே!" டேப்போ மேல்கை ஒரு செ.மீ. கூடியிருப்பதைக் காட்டுகிறது. நாற்காலிச் சோதனை 15 விநாடி, கைப்பிடி 24 கிலோ, குறியீடு 4.2. தளர்ச்சிக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டார், திடத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

இதனால் கல்லீரல் சரியாகிவிடாது, அறுவையும் தவிர்க்கப்படாது. உறவினர் ஒருவர் கல்லீரலில் பாதியைத் தர முன்வந்திருந்தால், நிலைமை தாங்கும்வரை சில வாரம் தள்ளிவைத்து உடம்பைத் தேற்ற மருத்துவர்களுக்கு வாய்ப்பிருக்கிறது. பிலிருபினும் கிரியேட்டினினும் வேகமாக ஏறிக்கொண்டிருப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. அவர் தளர்ந்த உடம்போடுதான் அறுவை அரங்குக்குள் போக வேண்டும், தேற்றும் வேலை தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்குக் குழாய் உணவோடு தொடங்கும். புதிய கல்லீரல் சில நாளில் வேலைசெய்யத் தொடங்கிவிடும். போன தசை மாதக்கணக்கில்தான் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.