மீட்டரில் எண் ஏன் நிற்கமாட்டேன் என்கிறது?

எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் பக்கத்து வீட்டுப் பையன், பழைய ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளை போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதிலிருந்த ஒரு ரெசிஸ்டரில் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு, தங்கம் என்று வளையங்கள். அப்படியென்றால் 47 கிலோ ஓம். அவன் மல்டிமீட்டரை வைத்தால் 4 என்று காட்டி, 5, 6 என்று மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. "அண்ணே, மீட்டர் கெட்டுப்போச்சா, ரெசிஸ்டர் கெட்டுப்போச்சா?" என்றான்.

இரண்டும் நன்றாகவே இருந்தன. ரெசிஸ்டரைப் போர்டில் வைத்தபடியே அளந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம்.

ஓம் அளவில் வைத்ததும் மீட்டர் தன் பேட்டரியிலிருந்து சின்ன மின்னோட்டம் ஒன்றை வெளியே அனுப்புகிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் எழுகிறது என்று பார்த்து, அதை ஓமாக மாற்றிக் காட்டுகிறது. அந்த மின்னோட்டம் நாம் தொட்ட ரெசிஸ்டர் வழியாக மட்டும்தான் போக வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே எத்தனை வழி இருக்கிறதோ, அத்தனையிலும் பிரிந்து ஓடும்.

இந்தப் போர்டில் 47 கிலோ ஓமுக்குப் பக்கவாட்டில் 6.8 கிலோ ஓமும் 3.3 கிலோ ஓமும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருந்தன. அவை இரண்டும் சேர்ந்து 10.1 கிலோ ஓம். 47-ஐயும் 10.1-ஐயும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சுமார் 8.3 வரும். ஒரே மேட்டிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிந்தால் தண்ணீர் இன்னும் எளிதாக வடியும். அதுபோல, பக்கத்தில் இன்னொரு வழி சேரும்போது மொத்தத் தடை குறையத்தான் செய்யும், கூடாது. ஆகவே இங்கே மீட்டர் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 47-ஐக் காட்டப்போவதில்லை.

அந்த 8.3-ஐயாவது உடனே காட்டக்கூடாதா? அங்கேதான் கெபாசிட்டர் குறுக்கே வருகிறது. அதே இரண்டு புள்ளிகளில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் இருந்தது. அது காலியாக இருக்கும்போது மீட்டரின் மின்னோட்டத்தை முதலில் தானே வாங்கிக்கொள்கிறது. அதனால் முனைகளில் வோல்ட் எழவில்லை, மீட்டரும் குறைந்த தடை என்று படிக்கிறது. கெபாசிட்டர் நிரம்ப நிரம்ப வோல்ட் உயர்கிறது, எண்ணும் ஏறுகிறது.

எவ்வளவு நேரம் ஏறும் என்பதையும் கணக்குப் போடலாம். 8.3 கிலோ ஓமை 470 மைக்ரோஃபாரடால் பெருக்கினால் ஏறக்குறைய 3.9 விநாடி. இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 20 விநாடி போனால் எண் நின்றுவிடும். 20 கிலோ ஓம் ரேஞ்சில் நிறுத்திப் பார்த்தோம். மூன்றாவது விநாடியில் நாலரை, பத்தாவதில் ஏழரைக்குச் சற்று மேல், பிறகு 8.3 அருகே அசையாமல் நின்றது. ஆட்டோ ரேஞ்சில் விட்டிருந்தால், நடுவில் மீட்டர் ரேஞ்ச் மாற்றும்போதெல்லாம் மின்னோட்டமும் மாறி, எண் இன்னும் தாவியிருக்கும். முனைகளை மாற்றி வைத்தாலும் ஆட்டம் திரும்பத் தொடங்கும். கெபாசிட்டர் முன்பு நிரம்பிய திசைக்கு எதிராக மீட்டர் தள்ளுவதால், சில மீட்டர்களில் கொஞ்ச நேரம் மைனஸ் குறிகூட வரும்.

ஒரே பக்கமாக மெதுவாக ஏறி நின்றால் அது கெபாசிட்டர். எண் இரு பக்கமும் தாறுமாறாகத் தாவினால் அது வேறு சங்கதி: முனை சரியாகப் படவில்லை, சால்டர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது போர்டில் இன்னும் மின்சாரம் மிச்சம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது ஆபத்தானது. 230 வோல்ட்டை நேரடியாக வாங்கும் சார்ஜர் போர்டில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கக்கூடும். ஓமில் வைக்கும் முன் டிசி வோல்ட்டில் வைத்து, பூஜ்ஜியத்துக்கு அருகே வந்துவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். தொடக்கக்காரர்கள் அத்தகைய போர்டுகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சரியான மதிப்பு வேண்டுமென்றால் ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் சால்டர் உருக்கி மேலே தூக்கினால் போதும். ஒரு கால் அந்தரத்தில் நின்றால் பக்க வழியும் இல்லை, கெபாசிட்டரும் இல்லை. பையன் தூக்கி அளந்தான். 46.6 என்று உடனே வந்து நின்றது. தங்க வளையம் தரும் 5 சதவீதச் சலுகைக்குள், 44.65-க்கும் 49.35-க்கும் நடுவில்தான் இருக்கிறது.

எல்லா ரெசிஸ்டருக்கும் காலைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மின்சாரம் துளியும் மிச்சமில்லாத போர்டில், எண் நின்ற பிறகு, 47 கிலோ ஓமுக்கு மீட்டர் 60 என்று காட்டினால், பக்க வழி எதுவும் அந்தக் கூடுதலைத் தந்திருக்க முடியாது. அந்த ரெசிஸ்டரைக் கழற்றி மாற்றிவிடலாம். குறைவாகக் காட்டும்போது மட்டுமே சால்டரிங் அயர்னைச் சூடாக்கினால் போதும்.