ஒரே தொழிற்சாலை, இரண்டு இலாபம்

ஒரே தொழிற்சாலை, ஒரே ஆண்டு. ஆனால் அடக்கவிலைக் கணக்கு ஓர் இலாபத்தைக் காட்டுகிறது, நிதிக் கணக்கு வேறோர் இலாபத்தைக் காட்டுகிறது. இதைப் பார்த்ததும் ஏதோ ஒரு புத்தகத்தில் தவறு இருப்பதாகத்தான் தோன்றும். பெரும்பாலும் தவறு எதிலும் இருக்காது. நிதிக் கணக்கு உரிமையாளருக்கும் வங்கிக்கும் வரித்துறைக்கும் பதில் சொல்ல எழுதப்படுகிறது. ஆண்டு முழுவதும் உண்மையில் வந்ததும் போனதும் என்ன என்பதே அதன் கேள்வி. ஒரு பொருளைச் செய்து முடிக்க எவ்வளவு அடங்குகிறது என்பது அடக்கவிலைக் கணக்கின் கேள்வி. கேள்விகள் வேறு என்பதால் விடைகளும் வேறுபடுகின்றன. வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை ரூபாய் குறையாமல் எடுத்துக்காட்டுவது சரிக்கட்டும் பட்டியலின் வேலை. இரண்டையும் ஒரே பேரேட்டில் இணைத்து எழுதும் நிறுவனங்களுக்கு இந்தப் பட்டியல் தேவைப்படாது. தனித்தனிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஆண்டு முடிவில் இதைத் தயாரித்தே ஆக வேண்டும்.

வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. பங்காதாய வரவு, பழைய இயந்திரத்தை விற்ற இலாபம், அபராதம், வருமான வரி போன்றவை நிதிக் கணக்கில் மட்டுமே வரும். மேற்செலவுகளை அடக்கவிலைக் கணக்கு முன்கூட்டி மதிப்பிட்ட விகிதத்தில் ஏற்றுவதால், ஏற்றிய தொகையும் உண்மையான செலவும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். இவை சிக்கலானவை அல்ல. பேரேட்டைப் புரட்டினால் தொகை கிடைத்துவிடும். ஆட்களைக் குழப்புபவை இரண்டு: சரக்கிருப்பின் மதிப்பீடும், கற்பிதச் செலவுகளும். இவை இரண்டின் இயல்பும் வேறு. சரக்கிருப்பால் வரும் வேறுபாடு இந்த ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு நகரும், பிறகு தீர்ந்துபோகும். கற்பிதச் செலவால் வரும் வேறுபாடு எந்த ஆண்டிலும் திரும்பி வராது.

கற்பிதச் செலவு என்பது கையிலிருந்து பணம் போகாத செலவு. சொந்தக் கட்டடத்தில் தொழில் நடத்துபவர் யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் வாடகைக் கட்டடத்தில் அதே பொருளைச் செய்பவரின் அடக்கவிலையோடு தன் அடக்கவிலையை ஒப்பிட வேண்டுமென்றால், தன் கட்டடத்துக்கும் ஒரு வாடகையைக் கற்பித்துக்கொள்ளத்தான் வேண்டும். சொந்த முதலுக்கு வட்டி போட்டுப் பார்ப்பதும் இப்படித்தான். நிதிக் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை. பணம் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரே என்றால் அங்கே செலவென்று எழுத எதுவுமில்லை. இந்தியாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேற்செலவுகள், பணியாளர் செலவு ஆகியவற்றுக்காக இந்திய அடக்கவிலைக் கணக்காளர் கழகம் வெளியிட்டுள்ள தரநிலைகள் கற்பிதச் செலவைச் சேர்க்க இடம் தருவதில்லை. ஆகவே சட்டப்படி தாக்கல் செய்யும் பதிவேடுகளில் இவை நுழையக் கூடாது. விலை நிர்ணயிக்கவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும் கணக்கோடு இவை நின்றுவிடுகின்றன.

சரக்கிருப்பில் மதிப்பீட்டு விதியே வேறுபடுகிறது. நிதிக் கணக்கு, கணக்கியல் தரநிலை 2-இன்படி, அடக்கவிலை, நிகர விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததையே எடுத்துக்கொள்ளும். நிகர விற்பனை மதிப்பு என்பது எதிர்பார்க்கும் விற்பனை விலையிலிருந்து, பொருளை முடித்து விற்பதற்கு ஆகும் செலவைக் கழித்தது. அடக்கவிலைக் கணக்குக்குச் சந்தை விலையில் அக்கறை இல்லை. செய்ய ஆன செலவு எதுவோ அதுவே அதற்கு மதிப்பு.

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளலாம். ஊர் உண்மை, கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆண்டுத் தொடக்கத்தில் கையிருப்பு 200 கிரைண்டர். ஆண்டில் செய்தது 5,000, விற்றது 4,600, மிஞ்சியது 600. விற்பனை விலை ஒன்றுக்கு 4,500 ரூபாய், ஆக மொத்த விற்பனை 2,07,00,000 ரூபாய். கல், மோட்டார், கூலி என்று ஒரு கிரைண்டருக்கு நேரடியாக ஆவது 3,000 ரூபாய். ஆலையின் நிலையான மேற்செலவு ஆண்டுக்கு 30,00,000 ரூபாய். 5,000 கிரைண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 600. நிர்வாகத்துக்கும் விற்பனைக்கும் ஆன 20,00,000 ரூபாய் இரண்டு புத்தகத்திலும் ஒன்றேதான்.

நிதிக் கணக்கில் ஒரு கிரைண்டரின் அடக்கம் 3,600 ரூபாய். அதில் தொடக்கச் சரக்கிருப்பு 6,80,000 ரூபாய். மிஞ்சிய 600-இல் 50 கிரைண்டர் பழைய மாதிரி. விற்பனைச் செலவு போக ஒன்றுக்கு 2,800 ரூபாய்க்கு மேல் தேறாது. அந்த 50-ஐ 2,800 வீதமும் மற்ற 550-ஐ 3,600 வீதமும் மதிப்பிட்டால் இறுதிச் சரக்கிருப்பு 21,20,000 ரூபாய். விற்ற சரக்கின் அடக்கம் 1,65,60,000. நிர்வாக, விற்பனைச் செலவும் போக இலாபம் 21,40,000 ரூபாய்.

அடக்கவிலைக் கணக்கு இதே ஆலைக் கட்டடத்துக்கு 3,00,000 ரூபாய் வாடகை கற்பிக்கிறது. அது ஆலையின் மேற்செலவோடு சேர்வதால் ஒரு கிரைண்டருக்கு 60 ரூபாய் கூடி அடக்கம் 3,660 ஆகிறது. சென்ற ஆண்டு இந்தக் கற்பித வாடகை ஒன்றுக்கு 50 ரூபாயாக இருந்ததால் தொடக்கச் சரக்கிருப்பு இங்கே 6,90,000. இறுதிச் சரக்கிருப்பு, பழைய மாதிரி உட்பட 600-க்கும் 3,660 வீதம், 21,96,000 ரூபாய். முதலுக்குக் கற்பித்த வட்டி 2,50,000. அதைப் பொருளின் மேல் ஏற்றாமல் ஆண்டு முடிவில் மொத்தமாகக் கழித்திருக்கிறார்கள். இலாபம் 16,56,000 ரூபாய்.

இடைவெளி 4,84,000 ரூபாய். பட்டியல் இப்படி அமையும்:

அடக்கவிலைக் கணக்கின் இலாபம்: 16,56,000
கூட்டுக: கற்பித வாடகை: 3,00,000
கூட்டுக: முதலுக்குக் கற்பித்த வட்டி: 2,50,000
கூட்டுக: தொடக்கச் சரக்கிருப்பின் மிகை மதிப்பு: 10,000
கழிக்க: இறுதிச் சரக்கிருப்பின் மிகை மதிப்பு: 76,000
நிதிக் கணக்கின் இலாபம்: 21,40,000

கூட்டுவதா கழிப்பதா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மனப்பாடம் செய்யாமல் சரக்கிருப்பு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தால் போதும். தொடக்கச் சரக்கிருப்பு செலவோடு சேர்வது. அடக்கவிலைக் கணக்கில் அது கூடுதலாக இருந்தால் அங்கே இலாபம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். ஆகவே கூட்ட வேண்டும். இறுதிச் சரக்கிருப்பு செலவிலிருந்து கழிவது. அது கூடுதலாக இருந்தால் இலாபம் ஊதியிருக்கும். ஆகவே கழிக்க வேண்டும். நிதிக் கணக்கின் இலாபத்திலிருந்து தொடங்கினால் எல்லாக் குறிகளும் தலைகீழாகும்.

76,000 என்ற எண்ணைப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். அதில் 40,000 ரூபாய், பழைய மாதிரி 50 கிரைண்டரை நிதிக் கணக்கு ஒன்றுக்கு 800 வீதம் குறைத்து மதிப்பிட்டதால் வந்தது. மீதி 36,000 ரூபாய் கற்பித வாடகையே. விற்காத 600 கிரைண்டரோடு 60 ரூபாய் வீதம் கிடங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதாவது 3,00,000 ரூபாய் வாடகை கற்பித்தாலும் அது முழுவதும் இந்த ஆண்டின் இலாபத்தைக் குறைக்கவில்லை. சென்ற ஆண்டிலிருந்து வந்த 10,000 சேர்ந்தது, 36,000 அடுத்த ஆண்டுக்குப் போனது. குறைந்தது 2,74,000 மட்டுமே. முதலுக்கான வட்டியில் இந்த நகர்வு இல்லை. அது பொருளின் மேல் ஏறாததால் முழுத் தொகையும் இந்த ஆண்டிலேயே தீர்ந்துவிட்டது. ஒரு கற்பிதச் செலவைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது சரக்கிருப்புக்குள் புகுந்ததா என்பதே.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணக்கில் கைதேர்ந்த ஒருவர் இந்த 2,74,000-ஐக் கண்டுபிடித்து, பட்டியலில் 3,00,000-க்குப் பதிலாக அதை எழுதிவிட்டு, சரக்கிருப்பின் 10,000-ஐயும் 76,000-ஐயும் அப்படியே விட்டுவிடுவார். பட்டியல் 21,14,000-இல் நின்றுவிடும், 26,000 ரூபாய் குறையும். சரக்கிருப்பில் தங்கிய வாடகையை இரண்டு முறை கணக்கில் எடுத்ததன் விளைவு அது. முழு வாடகையையும் முழுச் சரக்கிருப்பு வேறுபாட்டையும் எழுதலாம். இல்லையேல் நிகர வாடகையோடு 40,000-ஐ மட்டும் கழிக்கலாம். இரண்டையும் கலக்கக் கூடாது. குறி மாறிய தவறு வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும்: இறுதிச் சரக்கிருப்பின் 76,000-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தால் பட்டியல் 1,52,000 ரூபாய் மிஞ்சும். ஆகவே பட்டியல் ஒட்டாதபோது, மிஞ்சிய தொகையைப் பாதியாக்கி, அந்தப் பாதி எந்த வரியிலாவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம்.

அடுத்த ஆண்டில் இந்த 76,000 தொடக்கச் சரக்கிருப்பின் மிகையாக வந்து, கூட்டும் பக்கம் நிற்கும். அந்த ஆண்டு முடிவில் கிடங்கு காலியாகிவிட்டால் சரக்கிருப்பின் வேறுபாடு முழுவதும் தீர்ந்துவிடும். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பழைய மாதிரியின் 40,000 எந்த இலாபத்தையும் மாற்றியிருக்காது. எந்த ஆண்டில் தெரிந்தது என்பதுதான் வேறு. கற்பித வாடகையும் வட்டியும் அப்படி அல்ல. பத்து ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டினாலும் அடக்கவிலைக் கணக்கின் இலாபம் அவற்றின் அளவுக்குக் குறைவாகவே நிற்கும்.

நிறுவனச் சட்டம் 2013-இன் 148-ஆம் பிரிவின்கீழ், 2014-இல் வந்த விதிகள், குறிப்பிட்ட தொழில்களில் 35 கோடி ரூபாய் விற்றுமுதலை எட்டிய நிறுவனங்கள் அடக்கவிலைப் பதிவேடு வைக்க வேண்டும் என்கின்றன. தணிக்கைக்கு உட்படும் நிறுவனங்களுக்கான சிஆர்ஏ-3 படிவத்தில் இலாபத்தைச் சரிக்கட்டிக் காட்டத் தனிப் பகுதி உண்டு. சரக்கிருப்பு மதிப்பீட்டின் வேறுபாட்டுக்கு அதில் தனி வரியும் இருக்கிறது.

அந்த வரியைப் படிக்கும் தணிக்கையாளர் முதலில் சென்ற ஆண்டின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்வார். சென்ற ஆண்டின் இறுதி வேறுபாடும் இந்த ஆண்டின் தொடக்க வேறுபாடும் ரூபாய் மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடையில் யாரோ சரக்கிருப்பைத் திருத்தியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்து, ஆனால் இறுதி வேறுபாடு ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே போனால், விற்காத சரக்கு கிடங்கில் தேங்குகிறது அல்லது மேற்செலவு விகிதம் உண்மைச் செலவை விட உயரத்தில் நிற்கிறது என்று பொருள். எது என்று அறியப் பட்டியல் போதாது. கிடங்குக்குப் போய்ச் சரக்கை எண்ண வேண்டும், விகிதம் போட்ட தாளையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.